அளவு மாற்றப்படாத படம்

சிவகாசியில் பட்டாசுக்கு முன்னால் படம் பிறந்துவிடும். மருந்து சல்லடையைத் தாண்டுவதற்குள் லேபிள் அச்சாகி, வெட்டி, கட்டி, கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு கம்பெனியில் லேபிளை ஐம்பதாயிரம் அடித்துவிட்டு வெடியைச் செய்யவே மறந்துவிட்டார்கள் என்றும், இரண்டு சீசன் கழித்துத்தான் ஞாபகம் வந்தது என்றும், அதற்குள் அந்தச் சரக்குக்கு மறு ஆர்டரே வந்துவிட்டது என்றும் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தவரைப் பார்த்தவரைத் தெரியும்.

பாம்பு மாத்திரைப் பெட்டியில் ஏழு தலை நாகம் படமெடுத்து நிற்கும். உள்ளே சுண்டுவிரல் கனத்துக்குக் கரித்துண்டு. வாங்கினவர் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. ஏழு தலையும் வந்திருந்தால்தான் வந்திருப்பார்கள்.

ஆனால் சீனிவாசகம் முதலாளியிடம் சண்டைக்கு வந்துவிட்டார்கள். 2005 தீபாவளிக்கு அவர் அனுப்பிய ஏழு வர்ண வாணம், பெட்டியில் ஏழு வர்ணமும் வானத்தில் இரண்டு வர்ணமுமாக இருந்தது. ஒரு லாரிச் சரக்கு அப்படியே திரும்பி வந்தது. மனிதர் மூன்று நாள் மோர் மட்டும் குடித்தார். நான்காம் நாள் எழுந்து, “அடுத்த வருசம் நம்ம பெட்டியில பொய்ப் படம் கிடையாது” என்றார்.

அதன்படி அடுத்த வருஷம் இருபத்து மூன்று சரக்கைத் திடலில் பற்றவைத்துப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு லேபிளின் அடியிலும் ஒரு மஞ்சள் பட்டை. அதில் கறுப்பு எழுத்தில் ஒரு வரி: ‘பற்றவைத்து எடுத்த உண்மைப் படம். அளவு மாற்றப்படவில்லை.’

அத்தனை லேபிளையும் கம்ப்யூட்டரில் அமைத்தவள் பொன்மணி. விஸ்வநத்தம் போகிற ரோட்டில் நல்லசிவம் அண்ணாச்சியின் ஆப்செட் அச்சகத்தில் ஆறு வருஷமாக டிசைன் பார்க்கிறாள். தாயில்பட்டிக்காரி. அவள் அம்மா வள்ளித்தாய்க்குச் சீனிவாசகம் கம்பெனியிலேயே வேலை. அம்மா உள்ளே அடைப்பதற்கு மகள் வெளியே படம் போடுவாள். ஆனால் அம்மா செய்த வெடி வெடித்து மகள் பார்த்ததில்லை, மகள் செய்த படத்தை அம்மா ஏறிட்டுப் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் அவரவர் வேலையே கண்ணைக் கட்டியது.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் அம்மா முதன்முதலாகப் பார்த்தாள். அச்சகத்தில் கழித்துப்போட்ட லேபிள் தாள்களைப் பொன்மணி வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தாள். கம்பெனி வேனுக்கு நேரமாகிற அவசரத்தில் தூக்குவாளியை எடுத்த வள்ளித்தாய், அடியில் இருந்த படத்தைப் பார்த்து நின்றாள்.

“ஏட்டி, இது என்ன இது? நம்ம கல்யாணச் சாரலா?”

“ஆமா.”

“இம்புட்டுக்காணு இருக்கு? பொண்ணு இடுப்புக்குக்கூட ஒழுங்கா வரலையே. திடல்ல நாங்க பத்தவச்சுப் பார்த்தப்ப கொடிக்கம்பத்தைத் தாண்டிப் போச்சு. கங்காணி வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுனாரு. பதினஞ்சு அடிக்கு ஒரு சாண் குறையாது!”

“சும்மா இரும்மா. புஸ்வாணம் பதினஞ்சு அடியா?”

“அடைச்சவ நானு. படம் போட்டவ நீ. எவ சொல்றதுட்டி கணக்கு?”

வேன் ஹாரன் அடித்தது. அம்மா போய்விட்டாள். பொன்மணி படத்தின் அடியில் பார்த்தாள். மஞ்சள் பட்டை. ‘பற்றவைத்து எடுத்த உண்மைப் படம். அளவு மாற்றப்படவில்லை.’ வாயில் இருந்த இட்லி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

நடந்தது இதுதான். இருபத்து நான்காவது சரக்கு, கல்யாணச் சாரல், கடைசியில் வந்தது. கல்யாண வீடுகளுக்கென்று புதிதாக யோசித்த புஸ்வாணம். அப்போது அதற்குப் பெயர் மட்டும்தான் தயாராகியிருந்தது. “இப்போதைக்கு ஒரு படத்தைப் போட்டு வைங்க, நிஜப் படம் வரவும் மாத்திக்கிடலாம்” என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. பொன்மணி ஒரு படத் தொகுப்பு சிடியிலிருந்து மணமக்களை எடுத்தாள். வடநாட்டு மாப்பிள்ளை. அவன் தலைப்பாகையை வெட்டி எடுத்து, வேறொருவன் முடியை வைத்தாள். நடுவில் போன வருஷத்துச் சின்னப் புஸ்வாணத்தின் படத்தை ஒட்டினாள். பொண்ணு முகத்தை மறைத்தது, சுருக்கினாள். இடுப்பளவில் நின்றது. அழகாகவும் இருந்தது. நிஜப் படம் வரவே இல்லை. கேட்கவும் யாரும் இல்லை.

கம்ப்யூட்டரில் மஞ்சள் பட்டை, எல்லா லேபிள் மேலும் தானாக வந்து உட்காரும் பொது அடுக்கு ஒன்றில் இருந்தது. கை தவறி யாரும் அந்த உண்மையைக் கலைத்துவிடக் கூடாதென்று, அந்த அடுக்கைப் பூட்டி வைத்தவளும் அவளேதான்.

அச்சகத்துக்குப் போனதும் அவள் நேராக நல்லசிவத்தின் மேசைக்குப் போனாள். அவர் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். ஒரு பாக்கைக் கடித்தார்.

“அந்த வரியை யாரும்மா படிக்கா? அச்சடிச்ச நானே இன்னைக்குத்தான் படிக்கேன்.”

“அண்ணாச்சி, படத்தைப் பார்த்துட்டுப் பந்தலுக்குள்ள வச்சுட்டாங்கன்னா? கல்யாண வீட்டுக்குன்னே போட்டிருக்கோம். இடுப்பளவுதான்னு நெனைச்சு மேடையில வைப்பாக.”

“குறைச்சுக் காட்டுனா நாம நல்லவுகம்மா. கூட்டிக் காட்டுனாத்தான் தப்பு. வாங்குறவனுக்கு லாபம்தானே?”

“ஓலையில பிடிச்சா?”

நல்லசிவம் பாக்கைத் துப்பினார். “நீ போய்ச் சொல்லிருவ. அவரு தாளு, பிளேட்டு, கூலி எல்லாத்தையும் என் தலையில கட்டுவாரு. நான் உன்னைய வீட்டுக்கு அனுப்புவேன். உங்கம்மாவை அவரு அனுப்புவாரு. ரெண்டு பேருமா உக்காந்து ஓலையைப் பத்திப் பேசிக்கிட்டிருங்க.”

பொன்மணி அவர் மேசை மேலிருந்த போனை எடுத்துச் சீனிவாசகம் கம்பெனிக்குப் பேசினாள். முதலாளி மதுரைக்குப் போயிருக்கிறார், நாலு மணிக்கு வருவார் என்றார்கள். சரக்கு வெளியே போய்விட்டதா என்று கேட்டாள். விருதுநகர் கடைக்கு மட்டும் ஆறு கேஸ் போயிருக்கிறது என்றார்கள். விருதுநகர் பஜாரில் சங்கிலிமுத்துவின் பட்டாசுக் கடை. அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அன்று முகூர்த்த நாள். சங்கிலிமுத்து எந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தாரோ.

அன்றைக்குப் பகல் ஒரு வாரம் நீளமாக இருந்தது. கடிகாரத்தின் சின்ன முள் பதினொன்றிலிருந்து இரண்டு தடவை பத்துக்குத் திரும்பிப் போனதைப் பொன்மணி தன் கண்ணால் பார்த்தாள். எங்காவது தீயணைப்பு வண்டி மணி கேட்டால் எழுந்து வாசலுக்குப் போனாள். ஊர் சிவகாசி என்பதால் வாசலுக்கு நிறைய தடவை போக வேண்டியிருந்தது.

நாலு மணிக்கு முதலாளி அறையில் நின்றாள். சீனிவாசகம் லேபிளைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, மஞ்சள் பட்டையைப் படித்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி பட்டையைப் படித்தார்.

“இந்தப் பையன் யாரு?”

“முகம் சிடியில இருந்து, முதலாளி. முடி வேற ஆளு.”

“இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல எரியறது?”

“போன வருசத்துச் சின்னப் புஸ்வாணச் சட்டி. சுருக்கி வச்சேன்.”

“ஆக, நம்ம சரக்கு இந்தப் படத்துல எங்கனயுமே இல்ல.”

“இல்ல, முதலாளி. பட்டையில இருக்கிறது தப்பு. நாந்தான் கவனிக்காம விட்டேன்.”

அவர் திட்டியிருந்தால் பொன்மணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. போனைச் சுழற்றினார். இந்தத் தடவை சங்கிலிமுத்து எடுத்தார். குரலிலேயே பாயசம் வழிந்தது. ஒரு கேஸ்தான் பிரித்தாராம். மூன்று பெட்டி விற்றிருக்கிறதாம். ஒன்றை வாங்கினவர் யாரென்று தெரியாது, வெள்ளைச் சட்டை போட்டவர். மற்ற இரண்டையும் வாங்கினவர் சூலக்கரை கருப்பணன், பெரிய சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். இன்றைக்குச் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவர் தங்கச்சி மகள் கல்யாண வரவேற்பு. வீட்டு வாசலிலேயே பந்தல்.

“மேடையில ரெண்டு பக்கமும் வைக்கப் போறேன்னாரு, அண்ணாச்சி. பூமாலை மாதிரி இருக்கும்னு நானுந்தான் சொன்னேன்” என்றார் சங்கிலிமுத்து பெருமையாக.

கருப்பணன் செல்போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அம்பாஸடர் கார் திருத்தங்கலைத் தாண்டுவதற்குள் ரயில்வே கேட் போட்டார்கள். வந்தது சரக்கு ரயில். அதற்கு நூற்று நாற்பது பெட்டி இருந்தது; பொன்மணி எண்ணினாள். முதலாளி வாட்சைப் பார்த்தார். டிரைவர் முதலாளியைப் பார்த்தார். ஆமத்தூரில் ஒரு ஆட்டுக் கூட்டம், ஒவ்வோர் ஆடும் தனித்தனியாக யோசித்து முடிவெடுத்து ரோட்டைக் கடந்தது. சூலக்கரையில் போய் இறங்கியபோது ஆறு இருபது. நாதஸ்வரம் கேட்டது. பொன்மணி முதலில் பார்த்தது பந்தலின் மேல்கட்டைத்தான். உள்ளே மஞ்சள் துணி, அதற்கு மேல் தென்னங்கீற்று. மேடையின் இரண்டு ஓரத்திலும் செங்கல் அடுக்கி, அதன்மேல் இரண்டு கல்யாணச் சாரல் தயாராக உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் கம்பி மத்தாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கருப்பணன் நின்றார். பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா! பத்த வச்சுராதீக!” என்று பொன்மணி கத்தினாள். நாதஸ்வரம் நின்றுவிட்டது.

முதலாளி கும்பிட்டுக்கொண்டே முன்னால் போனார். தான் யாரென்று சொன்னார். இது பந்தலுக்குள் வைக்கிற சரக்கில்லை, பதினைந்து அடி எழும், தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

கருப்பணன் அவரைத் தலை முதல் கால் வரை அளந்தார். “முப்பது வருசம் நிலம் அளந்தவன் நானு. அளக்காம ஒண்ணைத் தொடுவனா?” சட்டைப் பையிலிருந்து மடித்த லேபிளையும் ஒரு ஸ்கேலையும் எடுத்தார். “மாப்பிள்ளை பதினோரு சென்டிமீட்டர். ஆளு அஞ்சரை அடின்னு வைங்க. அப்ப ஒரு சென்டிமீட்டருக்கு அரையடி. பூ ஆறு சென்டிமீட்டர். மூணடி! மேடையில இருந்து மேல்கட்டு ஏழடி. நாலடி மிச்சம். கணக்குல எங்கன தப்பு?”

“கணக்குல இல்லைய்யா, படத்துல தப்பு” என்றாள் பொன்மணி.

“அளவு மாற்றப்படலைன்னு போட்டிருக்கே. அடிச்சவுக பொய்யா சொல்வாக?”

“அடிச்சது நாந்தான்யா.”

“யாரும்மா நீ? உனக்கு என்ன தெரியும்? பெட்டியில தெளிவா எழுதியிருக்கு.” அவர் முதலாளி பக்கம் திரும்பினார். “எனக்கு வெளங்கிப் போச்சு. நல்ல சரக்கைத் தெரியாம எங்களுக்கு வித்துட்டீக. இப்ப எடுத்துக்கிட்டு மட்டமானதைக் குடுக்கப் பாக்கீக.”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “மாமா, நல்ல நேரம் போகுது, பத்தவைங்க” என்றது. கம்பி மத்தாப்பின் நுனியை யாரோ விளக்கில் காட்டிவிட்டார்கள். அது பொரியத் தொடங்கியது.

இந்த ஊரில் பொன்மணியின் சொல்லை அவளே அடித்த எழுத்து தோற்கடித்துக்கொண்டிருந்தது. அவள் லேபிளை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

“ஐயா, நீங்க அளக்கிற ஆளு. வெளிச்சத்தை அளந்து பாருங்க. நடுவுல இம்புட்டு நெருப்பு எரியுது. பொண்ணு சேலையில ஒரு பொட்டு வெளிச்சம் விழுதா? கன்னத்துல விழுதா? மாப்பிள்ளைக்கு நிழல் எந்தப் பக்கம்? நெருப்பு இருக்கிற பக்கமே நிழல் விழுந்திருக்கு. எங்கனயாவது அப்படி விழுமா? அவுக ரெண்டு பேரும் பகல்ல நின்னவுக. நெருப்பு வேற நாள், வேற சட்டி. நான் கம்ப்யூட்டர்ல ஒட்டுனது. அந்த முடிகூட அவரு முடி இல்ல. காதுகிட்டப் பாருங்க, வெட்டுன கோடு தெரியும்.”

கருப்பணன் படத்தைத் திரும்ப வாங்கி மத்தாப்பு வெளிச்சத்தில் பிடித்தார். காதைப் பார்த்தார். நிழலைப் பார்த்தார். மேடையில் நின்ற மாப்பிள்ளையின் நிழலைப் பார்த்தார். மத்தாப்பு எரிந்து முடிந்தது.

“அப்ப எதுக்கும்மா அப்படி எழுதுன?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“தப்புத்தான்யா. ஒண்ணை வெட்டவெளியில பத்தவச்சுப் பாருங்க” என்றாள்.

ஒன்றைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த காலி மனைக்குப் போனார்கள். கல்யாணக் கூட்டம் முழுக்கப் பின்னால் போனது; மேளக்காரர்களும் போனார்கள்; பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் மேடையில் தனியாக நின்று, முதன்முதலாக ஏதோ பேசிக்கொண்டார்கள். கருப்பணன் பற்றவைத்தார். கல்யாணச் சாரல் முதலில் முனகியது, முழங்கால் உயரத்தில் யோசித்தது, பிறகு மின் கம்பத்தின் பாதியைத் தாண்டி நின்று கொட்டியது. அதன் உச்சியில் உட்கார்ந்திருந்த ஒரு காக்கை அன்றோடு மாவட்டத்தை விட்டே போய்விட்டதாகக் கேள்வி.

கருப்பணன் திரும்பி வந்து, செங்கல் மேல் இருந்த மற்றொன்றைத் தன் கையாலேயே எடுத்து முதலாளியிடம் கொடுத்தார். அப்புறம் மேல்கட்டை அண்ணாந்து பார்த்து, மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ சோடா கொண்டுவந்தார்கள். அவருக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று. பொன்மணி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

காரில் வரும்போதுதான் முதலாளி பேசினார். “பட்டையை மாத்தணும். என்ன போடலாம்?”

“இருக்கிற தாளு நாற்பதாயிரம் இருக்கு, முதலாளி. பழைய வரி மேல கறுப்பை மட்டும் பட்டையா அடிச்சு மறைக்கலாம். கீழே மஞ்சள்ல இடம் இருக்கு, அதுல புது வரி. ஒரு பிளேட்டு போதும். கட்டுன பெட்டிக்கு ஸ்டிக்கர். கடையில இருக்கிற அஞ்சு சொச்சம் கேஸையும் திருப்பி வாங்கணும்.”

“பின்பக்கம் போட்டுருவோமா? முன்னால அசிங்கமா இருக்கும்.”

“பொய் முன்னாலதான முதலாளி இருந்துச்சு?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “‘மாதிரிப் படம்’னு சின்னதா ஒரு வார்த்தை போட்டா?”

“சர்வேயர் அதையும் மாதிரின்னா இதே மாதிரின்னுதான் எடுத்துக்கிடுவாரு.”

ஆமத்தூர் வந்ததும் பொன்மணியே தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். “முதலாளி, மத்த இருபத்து மூணுல நாலு படத்துல புகையை நான் அழிச்சிருக்கேன். வாணம் நிஜம். புகை மட்டும் இல்லாம ஆக்கிட்டேன்.”

“யாத்தே!” என்றார் சீனிவாசகம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அதுக்கும் போடு” என்றார்.

நல்லசிவம் பிளேட் காசைப் பாதி ஏற்றுக்கொண்டார். அதைவிட அதிசயமாக, பொன்மணியை வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த நாலு லேபிளில் ‘உண்மைப் படம். புகை மட்டும் கணினியில் நீக்கப்பட்டது’ என்று ஏறியது. கல்யாணச் சாரலில் படத்துக்கு நேர் கீழே, முன்பிருந்த எழுத்தின் அளவிலேயே: ‘இது கணினியில் உருவாக்கிய படம், இந்தப் பட்டாசின் படம் அல்ல. உண்மையில் 15 அடி வரை எழும். பந்தல், கூரையின் அடியில் பற்றவைக்கக் கூடாது.’

எல்லாம் சரியாகிவிட்டது, ஒரு பெட்டியைத் தவிர. வெள்ளைச் சட்டைக்காரர் வாங்கிப் போன பெட்டி.

விருதுநகர் கடையில் பெரிய அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள். பொன்மணி தினம் காலையில் டீக்கடைக்குப் போய்ப் பேப்பரில் விருதுநகர் பக்கத்தைப் படித்தாள். விருதுநகர் மாவட்டத்தில் அந்த ஆவணியில்தான் எத்தனை முகூர்த்தம்! தூக்கத்தில் அவள் “ஓலை, ஓலை” என்றாள் என்று வள்ளித்தாய் கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்தாள்.

பதினோராம் நாள் சங்கிலிமுத்து போன் செய்தார். “அந்த ஆளு வந்திருக்காரு. கடையையே ரெண்டாக்கிட்டு நிக்காரு. உன்னைத்தான் கேக்காரு.”

“பந்தலா? யாருக்காவது...”

“நீயே வந்து கேளு.”

பஸ்ஸில் போகிற ஒரு மணி நேரமும் அவள் முன்சீட்டுக் கம்பியை விடவில்லை. கடையில் வெள்ளைச் சட்டைக்காரர் காலிப் பெட்டியோடு நின்றார். சட்டையில் சின்னச் சின்ன ஓட்டை. முகத்தில், கையில் ஒன்றுமில்லை.

“படம் போட்டது நீதானா? இடுப்பளவுன்னு நம்பி எங்க தொழுவத்துக்குப் பக்கத்துல வச்சேன். எம் பொண்டாட்டிதான் படத்தை நம்பாதீக, களத்து மேட்டுக்குப் போங்கன்னு வெரட்டுனா. அங்கன பத்தவச்சா, பனைமரம் மாதிரி போகுது! மாடு கயித்தை அத்துக்கிட்டு ஓடி, மூணு நாள் கழிச்சு அருப்புக்கோட்டைப் பக்கம் பிடிச்சோம். பால் வத்திப் போச்சு. இதுக்கு என்ன பதில் சொல்ற?”

“ஆளுகளுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“மாட்டைச் சொல்றேன், நீ ஆளைக் கேக்க.”

பொன்மணி கடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். புகார் சொல்ல வந்தவர் பயந்துபோய், “சரி, சரி, கொஞ்சம் பால் கறக்கத்தான் செய்யுது” என்றார்.

சங்கிலிமுத்து அவருக்குப் பழைய பெட்டிக்குப் பதிலாக, புது வரி ஏறின பெட்டி ஒன்றைக் கொடுத்தார். அவர் அதை வாங்கி, முதலில் படத்தைப் பார்க்காமல் பட்டையைப் படித்தார். எழுத்துக்கூட்டி, கடைசி வார்த்தை வரைக்கும். பிறகு பெட்டியை வெயிலில் சாய்த்தார். கறுப்புப் பட்டைக்குள் பழைய எழுத்து மினுமினுப்பாகத் தெரிந்தது.

“அடியில என்னமோ எழுதி அழிச்சிருக்கே?”

“ஆமாய்யா. முதல்ல தப்பா எழுதிட்டேன்.”

அவர் இன்னொரு தடவை சாய்த்துப் பழைய வரியையும் முழுசாகப் படித்தார். பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.